லாபம் 40 கோடி, கைக்கு வந்தது 13 கோடி

மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் லாபம் மூன்று வருஷமாக 30, 34, 40 கோடி என்று ஏறியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பங்கு வாங்கினேன். வாங்கிய கொஞ்ச நாளில், பொள்ளாச்சியில் பம்பு ஏஜென்சி வைத்திருக்கும் மாமாவைப் பார்க்கப் போனேன். கடையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் அதே கம்பெனியின் அட்டைப்பெட்டிகள்.

“வேண்டாம் வேண்டாம்னாலும் மார்ச் கடைசில நாப்பது மோட்டாரை எறக்கிட்டுப் போயிட்டாங்க மாப்ளை. பணத்தை வித்ததுக்கப்பறம் மெதுவாக் குடுங்கங்கறாங்க” என்றார்.

மாமா கடையில் விற்காமல் கிடந்த அந்த நாற்பதும் கம்பெனி கணக்கில் மார்ச் 31-க்குள் விற்றுப்போனவை. பில் போட்டுச் சரக்கு கைமாறினால் விற்பனை ஏறிவிடும், லாபமும் ஏறிவிடும். பணம் வந்ததா என்று லாப நஷ்டக் கணக்கு கேட்காது. அதற்கு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டைத்தான் புரட்ட வேண்டும். நான் அதுவரை தாண்டிப் போய்க்கொண்டிருந்த பக்கம் அது.

முதல் வரி, வரிக்கு முந்தைய லாபம் 54 கோடி. அதனுடன் தேய்மானம் 12 கோடியைக் கூட்டியிருந்தார்கள். அது ஏட்டில் கழிப்பது, பையிலிருந்து போவதில்லை. வட்டி 9 கோடியையும் கூட்டி, அதைக் கீழே கடன் பகுதிக்குத் தள்ளியிருந்தார்கள். ஆக 75 கோடி. இதுவரை பார்த்தால் எல்லாம் பிரமாதம்.

அடுத்த மூன்று வரிகளில்தான் விஷயம் இருந்தது. வாடிக்கையாளர்களிடம் வரவேண்டிய பாக்கி கூடியதால் 38 கோடி அடைப்புக்குறிக்குள், அதாவது கழிவு. சரக்கு இருப்பு கூடியதால் இன்னொரு 17 கோடி கழிவு. கம்பெனி தான் கொடுக்கவேண்டிய பாக்கியைத் தள்ளிப்போட்டதில் 6 கோடி வரவு. மிஞ்சியது 26. வருமான வரி 13 கட்டியபின், தொழிலில் இருந்து உண்மையில் கைக்கு வந்தது 13 கோடி. அறிவித்த நிகர லாபம் 40.

அந்த வருஷம் விற்பனை 340 கோடியிலிருந்து 400 ஆகியிருந்தது. கூடுதலாக விற்ற 60 கோடியில் 38 கோடி வசூலாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தப் பாக்கி 92 கோடியிலிருந்து 130 ஆனது. வசூலாக முன்பு சுமார் 99 நாள், இப்போது சுமார் 119 நாள். மாமா சொன்னதை எண்ணில் எழுதியது போல இருந்தது.

அடுத்த பகுதி முதலீடு. இயந்திரம், கட்டடம் வாங்க 31 கோடி போயிருந்தது. 13-இல் 31-ஐக் கழித்தால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸ் 18 கோடி. இதற்கு மேல் வட்டி 9, டிவிடெண்ட் 8. இந்தப் பள்ளம் முழுவதையும் 36 கோடி புதுக்கடன் நிரப்பியது. வருஷக் கடைசியில் ரொக்கக் கையிருப்பு 1 கோடி கூடியிருந்தது. அந்தக் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் உறைக்காது. டிவிடெண்ட் கொடுத்ததைப் பார்த்து மகிழ்ந்தவன் நானும்தான். அது கடன் வாங்கிக் கொடுத்த காசு.

ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று பழைய அறிக்கைகளையும் எடுத்தேன். மூன்று வருஷ லாபம் மொத்தம் 104 கோடி, தொழிலில் வந்த பணம் 52. சரிபாதி. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டுவதால், நல்ல உற்பத்திக் கம்பெனியில் நாலைந்து வருஷக் கூட்டுத்தொகையில் இந்தப் பணம் லாபத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்க வேண்டும். சிறு நஷ்டத்தில் பங்கை விற்றேன். இரண்டு வருஷம் கழித்து, வசூலாகாது என்று 27 கோடியை அந்தக் கம்பெனியே லாபத்தில் கழித்துக் காட்டியது.

அந்தச் சூட்டோடு ஒரு தப்பும் செய்தேன். ஒரு நூற்பாலையிலும் லாபத்தைவிடப் பணம் மிகக் குறைவாக வந்திருந்தது. யோசிக்காமல் விற்றுவிட்டேன். பிறகுதான் வரியைச் சரியாகப் படித்தேன்: கூடியது பாக்கி இல்லை, சரக்கு. வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் பஞ்சு வாங்கிக் குவிப்பது ஆலைகளின் வழக்கம். அதனால் மார்ச் கடைசியில் கிடங்கு நிரம்பியும் கை காலியாகவும் இருக்கும். செப்டம்பருக்குள் அந்தப் பஞ்சு நூலாகிப் பணமாகிவிட்டது.

வாடகைக் கடைகளில் நடக்கும் சங்கிலித் தொடர் கம்பெனிகளுக்கு இன்னொரு கழித்தலும் உண்டு. நீண்டகாலக் குத்தகை வாடகை இப்போது கடன் பகுதியில் போவதால் தொழில் பணம் கொழுத்துத் தெரியும். வாடகையையும் கழித்தபிறகே ஃப்ரீ கேஷ் ஃப்ளோ பாருங்கள். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம். பணம்தான் அவர்களின் சரக்கு.

பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் செப்டம்பர் அரையாண்டு முடிவுகளோடும் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் தருகின்றன. மார்ச் கணக்கில் சந்தேகம் வந்தால், விற்குமுன் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.