அப்ரண்டிஸ் மணிக்கணக்கு: ஒரு கூட்டலில் முடியாது

யானைக்கவுனியிலிருந்து பேசின் பிரிட்ஜ் தாண்டி எண்ணூர் வரை போனால் எத்தனையோ தொழிற்சாலைகள். நம்மில் பலர் அங்கே அப்ரண்டிஸாகப் போவோம். சிலர் பின்னால் சூப்பர்வைசராக அப்ரண்டிஸ்களின் லாக் புக்கில் கையெழுத்தும் போடுவோம். அதனால் இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி, டிரேடு அப்ரண்டிஸுக்கு ஷாப்பில் செய்முறைப் பயிற்சியோடு, தொழில் சம்பந்தமான வகுப்பும் உண்டு. வகுப்பில் இருக்கும் நேரமும் ஊதியம் உள்ள வேலை நேரமே. 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வாராந்திர வேலை நேரத்தை நிறுவனமே முடிவு செய்கிறது. ஆனால் பயிற்சிக் காலம் விதித்திருந்தால் அது குறையக் கூடாது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் லாக் புக்கைக் கொண்டுவந்து, "அண்ணா, எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு பாருங்க" என்றான். அதே மாதிரி ஒரு கணக்கை, எளிய எண்களில் போட்டுப் பார்ப்போம்.

திட்டம் 50 வாரம். வாரத்தில் 4 நாள் ஷாப், நாளுக்கு 8 மணி. ஒரு நாள் வகுப்பு. 45 நிமிஷப் பீரியட் 8, அதாவது 6 மணி. ஆக ஷாப் 1,600, வகுப்பு 300, மொத்தம் 1,900 மணி.

இப்போது 30 வாரம் முடிந்தது. ஷாப்பில் 120 நாள் வரவேண்டும். 4 நாள் லீவு. வாத்தியார் வராத 6 வகுப்பு நாளிலும் ஷாப்பிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆக ஷாப் 122 நாள், 976 மணி. வகுப்பு 24 நாள்தான்.

முதல் பொறி இங்கே. லாக் புக்கில் வகுப்புக்கு 192 என்று இருக்கும். அது பீரியட் கணக்கு, மணிக்கணக்கு அல்ல. 192-ஐ 45-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 144 மணிதான். 192-ஐ அப்படியே கூட்டினால் மொத்தம் 1,168. இந்த வாரத்துக்கு வேண்டியது 1,140 என்பதால், பையன் முன்னால் போகிறான் என்று தோன்றும்!

இரண்டாவது பொறி, மொத்தத்தை மட்டும் பார்ப்பது. திருத்திய மொத்தம் 1,120. வெறும் 20 மணி குறைவு, சமாளிக்கலாம் என்று நினைப்போம். பிரித்துப் பாருங்கள். ஷாப்பில் 16 மணி கூடுதல். வகுப்பிலோ 180-க்கு 144, அதாவது 36 மணி குறைவு. ஷாப்பின் மிச்சம் வகுப்பின் குறையை ஈடுகட்டாது. வகுப்பில் பாக்கி 156 மணி. வாரம் 6 மணி வீதம் 26 வாரம் ஆகும். கையில் இருப்பதோ 20 வாரம்.

ஈடுகட்ட 6 கூடுதல் வகுப்பு நாள் வேண்டும். அதை ஷாப் நாளிலிருந்து எடுத்தால் அங்கே 48 மணி போகும். முன்பு கூடுதலாக இருந்த 16 கழித்து 32 மணி குறையும். அதுதான் அந்த 4 நாள் லீவு! அதையும் தனியே ஈடுசெய்ய வேண்டும்.

ஆகவே லாக் புக்கில் இரண்டு பத்தி தனித்தனியாக வையுங்கள். பீரியடை அன்றைக்கே மணியாக மாற்றி எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒவ்வொரு பத்தியின் பாக்கியையும் அதன் வாராந்திர மணியால் வகுத்துப் பாருங்கள். எதற்கு அதிக வாரம் வருகிறதோ, பயிற்சி முடியும் நாளைச் சொல்வது அதுதான். 30-ஆம் வாரத்தில் தெரிந்தால் வகுப்பு கேட்டு வாங்கலாம்; 49-ஆம் வாரத்தில் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?