கட்டமும் கோடும்: அலுவலக அமைப்புப் படத்தை அட்டவணையாக மாற்றுவது எப்படி?

"மனு தாலுகா ஆபீஸ்ல கிடக்கு அண்ணாச்சி, இதுக்கு மேல யார்ட்ட கேக்கணும்?" தென்காசி பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதில் பல நேரம் நம் போனிலேயே இருக்கும். அலுவலகத் தகவல் பலகையிலோ, துறையின் இணையதளத்திலோ பார்த்த 'அமைப்பு வரைபட'த்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்போம். கட்டம் கட்டமாகப் பதவிகள், இடையில் கோடுகள். ஆனால் போன் திரையில் அதைப் பெரிதாக்கினால் கட்டம் தெரிகிறது, கோடு திரைக்கு வெளியே போய்விடுகிறது. சிறிதாக்கினால் கோடு தெரிகிறது, எழுத்து தெரிவதில்லை.

அந்தப் படத்தை 'பதவி – அவருக்கு நேர் மேலே யார்' என்ற சின்ன அட்டவணையாக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். தென்காசி மாவட்ட வருவாய் நிர்வாகத்தை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் படத்தின் தேதி

தென்காசி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கிய நாள் 2019 நவம்பர் 22. அதற்கு முந்தைய படத்தில் தென்காசி ஒரு வருவாய்க் கோட்டம் மட்டும்தான். அதன் உச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் இருப்பார். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களில் தேதி இருக்காது. உச்சிக் கட்டத்தில் எந்த மாவட்டம் என்று பார்த்தால் பழைய படமா, புதுப் படமா என்பது தெரிந்துவிடும். முடிந்தவரை tenkasi.nic.in போன்ற அரசுத் தளத்தில் இப்போது உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் அகலமாக இருந்தால் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் அடக்கப் பார்க்காதீர்கள். போனைப் படுக்கவைத்து, பெரிதாக்கி, இரண்டு மூன்று துண்டாக எடுங்கள். முதல் துண்டின் கடைசிக் கட்டம் இரண்டாவது துண்டிலும் வர வேண்டும். அப்போதுதான் கோடு எங்கே தொடர்கிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

எழுத்தை போன் படிக்கும், கோட்டை நீங்கள் படியுங்கள்

கூகுள் லென்ஸில் படத்தைத் திறந்து எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்தையும் நகல் எடுக்கலாம். தட்டச்சு வேலை மிச்சம். ஆனால் லென்ஸ் எடுத்துத் தருவது எழுத்தை மட்டும்தான். எந்தக் கட்டம் எதோடு இணைகிறது என்ற செய்தி அதில் வராது.

இன்னொன்று, அது இடமிருந்து வலமாக வரிவரியாகப் படிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோட்டாட்சியர் கட்டங்கள் பெரும்பாலும் இப்படிக் கலந்து வரும்:

```
வருவாய் கோட்டாட்சியர் வருவாய் கோட்டாட்சியர்
தென்காசி சங்கரன்கோவில்
```

இதை அப்படியே ஒட்டினால் எந்தப் பதவி எந்த ஊர் என்று பிரியாது. அதனால் நகல் எடுத்ததும் முதல் வேலையாக ஒரு கட்டத்துக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதுங்கள். பதவியோடு ஊரையும் சேர்த்தே எழுத வேண்டும். தென்காசி மாவட்டத்தில் 8 வட்டங்கள், அதாவது 8 வட்டாட்சியர்கள். வெறும் 'வட்டாட்சியர்' என்று எழுதினால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாது. அதிகாரியின் பெயரை எழுத வேண்டாம். ஆள் மாறுதலாகிப் போவார், பதவி அங்கேயே இருக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்

கூகுள் ஷீட்ஸில் மூன்று பத்திகள் போதும்: எண், பதவி, நேர் மேலதிகாரியின் எண். மேலதிகாரியின் பதவியை ஒவ்வொரு முறையும் எழுத்தில் எழுதினால், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஷீட்டுக்கு அது வேறு பதவி. எண் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

மாதிரிக்காக 8 வட்டங்களில் 5 மட்டும் எடுத்துக்கொண்டு, தென்காசி வட்டத்தில் ஒரு கிராமம் வரை இறங்கியிருக்கிறோம்.

| எண் | பதவி | மேலதிகாரி எண் |
|---|---|---|
| 1 | மாவட்ட ஆட்சியர், தென்காசி | |
| 2 | ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) | 1 |
| 3 | மாவட்ட வருவாய் அலுவலர் | 1 |
| 4 | வருவாய் கோட்டாட்சியர், தென்காசி | 3 |
| 5 | வருவாய் கோட்டாட்சியர், சங்கரன்கோவில் | 3 |
| 6 | வட்டாட்சியர், தென்காசி | 4 |
| 7 | வட்டாட்சியர், செங்கோட்டை | 4 |
| 8 | வட்டாட்சியர், சங்கரன்கோவில் | 5 |
| 9 | வட்டாட்சியர், சிவகிரி | 5 |
| 10 | வட்டாட்சியர், திருவேங்கடம் | 5 |
| 11 | மண்டல துணை வட்டாட்சியர், தென்காசி வட்டம் | 6 |
| 12 | வருவாய் ஆய்வாளர் (உங்கள் உள்வட்டம்) | 11 |
| 13 | கிராம நிர்வாக அலுவலர் (உங்கள் கிராமம்) | 12 |
| 14 | கிராம உதவியாளர் (உங்கள் கிராமம்) | 13 |

மூன்றாவது பத்தியை நிரப்பும்போது ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, அதிலிருந்து மேலே போகும் கோட்டைப் பிடித்துப் போங்கள். கோடு முட்டும் கட்டத்தின் எண்ணை எழுதுங்கள். கட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இங்கேதான் பலருக்கும் தவறு நேரும். ஆட்சியரின் நேர்முக உதவியாளர் கட்டத்தைப் பல படங்களில் ஆட்சியருக்கும் மாவட்ட வருவாய் அலுவலருக்கும் நடு உயரத்தில், பக்கவாட்டில் வரைந்திருப்பார்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் வருவாய் அலுவலருக்கு மேல் நேர்முக உதவியாளர் இருப்பதுபோலத் தோன்றும். கோட்டைப் பிடித்துப் போனால் இரண்டு கட்டமும் தனித்தனியாக ஆட்சியரிடமே போய்ச் சேரும். அட்டவணையில் 2, 3 இரண்டுக்கும் மேலதிகாரி எண் 1 என்று இருப்பது அதனால்தான்.

புள்ளிக்கோடு இருந்தால்

சில கட்டங்களிலிருந்து இரண்டு கோடுகள் மேலே போகும். ஒன்று முழுக்கோடு, மற்றது புள்ளிக்கோடு. நல்ல உதாரணம் நில அளவர். பட்டா உட்பிரிவு வேலையில் அவரை நாம் வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் பார்க்கிறோம். ஆனால் அவர் நில அளவைத் துறையின் பணியாளர். அவருடைய துறை வழி மாவட்டத்தில் நில அளவை உதவி இயக்குநரிடம் போகிறது.

இரண்டு எண்ணையும் ஒரே கட்டத்தில் '6, 15' என்று எழுதினால் அடுத்து வரும் சூத்திரங்கள் வேலை செய்யாது. முழுக்கோட்டின் எண்ணை மூன்றாவது பத்தியிலும், புள்ளிக்கோட்டின் எண்ணைக் கடைசியில் 'பிற தொடர்பு' என்று ஒரு தனிப் பத்தி போட்டு அதிலும் எழுதுங்கள்.

சரியாக வந்ததா?

நான்காவது பத்தியில், அதாவது D2 கட்டத்தில், இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே வரை நகலெடுங்கள். எண்ணுக்கு உரிய பதவி தானாக வரும். இல்லாத எண்ணைப் போட்டிருந்தால் 'எண் தவறு' என்று காட்டும்.

```
=IF(C2="","உச்சி",IFERROR(VLOOKUP(C2,A:B,2,FALSE),"எண் தவறு"))
```

'உச்சி' என்பது ஒரே ஒரு வரியில்தான் வர வேண்டும். இரண்டு வரியில் வந்தால் ஒரு கோட்டை விட்டுவிட்டீர்கள், அல்லது படத்தில் இரண்டு தனி அமைப்புகள் இருக்கின்றன.

அடுத்து E2 கட்டத்தில்:

```
=COUNTIF(C:C,A2)
```

ஒரு பதவிக்கு நேர் கீழே எத்தனை பேர் என்று இது சொல்லும். மேலே உள்ள அட்டவணையில் தென்காசி கோட்டாட்சியருக்கு 2, சங்கரன்கோவில் கோட்டாட்சியருக்கு 3 வர வேண்டும். செங்கோட்டைக்கு 4-க்குப் பதில் 5 என்று தவறாக எழுதியிருந்தால் முதல் சூத்திரம் அதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் 5-ம் இருக்கிற எண்தான். ஆனால் இங்கே 1, 4 என்று வரும். படத்தில் அந்தக் கட்டங்களிலிருந்து கீழே இறங்கும் கோடுகளை எண்ணிப் பார்த்தால் தவறு உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக ஏறிப் பார்க்கும் சோதனை. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள்: 13, 12, 11, 6, 4, 3, 1. ஆட்சியரிடம் முடிகிறது, சரி. போன எண்ணே திரும்ப வந்தால் யாரோ இருவரை ஒருவருக்கொருவர் மேலதிகாரியாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

குற்றாலத்தில் இரண்டு மரம்

குற்றாலத்தில் குடியிருப்பவருக்கு இரண்டு அட்டவணை தேவைப்படும். பட்டா, வருமானச் சான்று என்றால் மேலே பார்த்த வருவாய் வழி. குற்றாலம் தென்காசி வட்டத்தில் இருப்பதால் அது 6-ஆம் எண் வழியாகப் போகும். குப்பை, தெருவிளக்கு, குடிநீர் என்றால் குற்றாலம் பேரூராட்சி. அங்கே செயல் அலுவலர், அவருக்கு மேல் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், அதற்கு மேல் சென்னையில் துறைத் தலைமை என்று வேறு வழி. அந்த வழியில் வட்டாட்சியர் கிடையாது. தெருவிளக்குப் புகாரை அவரிடம் கொடுத்தால் 'உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது' என்ற பதிலோடு சில நாள் போகும். ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் இரண்டு ஷீட்டாகப் பிரித்துவிடுங்கள்.

அட்டவணை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு எந்தெந்த மேசை வழியாகக் கீழே இறங்கும் என்பதை அட்டவணையில் பார்க்கலாம். தாமதம் எந்தப் படியில் என்று கேட்டு, அதற்கு நேர் மேலே உள்ளவரிடம் போகலாம்.

ஆனால் 'நேர் மேலதிகாரி' என்பதும் 'மேல்முறையீட்டு அதிகாரி' என்பதும் எப்போதும் ஒன்றல்ல. மேல்முறையீடு யாரிடம் என்பதை அந்தந்தச் சட்டம்தான் சொல்லும். பட்டா விஷயத்தில் வட்டாட்சியரின் ஆணைமீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே அட்டவணையும் சட்டமும் ஒத்துப்போகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பொதுத் தகவல் அலுவலரைவிட உயர்ந்த நிலையில் உள்ள அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். அவர் யார் என்று ஒவ்வொரு அலுவலகமும் தனியாக அறிவித்திருக்கும். அட்டவணையை வைத்து ஊகிக்காமல் அந்த அறிவிப்பைப் பாருங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வருவதற்குள் அந்த 30 நாளும் ஓடிவிடலாம்.

படமே கிடைக்கவில்லை என்றால், 2005-ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஒவ்வொரு பொது அலுவலகமும் தன் அமைப்பு, அலுவலர்களின் அதிகாரங்கள், மேற்பார்வையும் பொறுப்பும் எந்த வழியில் போகின்றன என்பதையெல்லாம் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அது. அந்த வெளியீட்டைப் பெரும்பாலும் பத்திகளாகத்தான் எழுதியிருப்பார்கள். அங்கே விரல் வைக்கக் கோடு இருக்காது. 'இவரின் கட்டுப்பாட்டில்', 'இவருக்கு அறிக்கை அளிப்பார்' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு போனால் அதே மூன்று பத்திகள் நிரம்பிவிடும்.