மழைப் பயணத்தில் இரண்டு சொட்டு நீர்

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த வறண்ட பகுதி எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இங்கும் சில நாட்கள் கொட்டித் தீர்ப்பதுண்டு. அந்நாட்களில் சூலக்கரையிலிருந்து விருதுநகருக்கும் சிவகாசிக்கும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோரைக் கேட்டால், பெரும்பாலோர் இரண்டு தொல்லைகளைக் கூறுவர். ஒன்று, ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் ஆவி படிந்து சாலை மறைந்துவிடுகிறது. மற்றொன்று, மழைக்கோட்டு அணிந்தும் உடல் நனைந்துவிடுகிறது. இவ்விரண்டிலும் வெளியிலிருந்து வரும் மழைநீரை மட்டுமே நாம் எதிரியாக எண்ணுகிறோம். நம் உடலே வெளியிடும் நீரை மறந்துவிடுகிறோம்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

ஒரு கன மீட்டர் காற்று ஏந்தக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வெப்பநிலையைப் பொறுத்தது. 34 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 37.6 கிராம், 24 டிகிரியில் 21.8 கிராம் மட்டுமே. நாம் வெளிவிடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி வெப்பமுடையது, நீராவியால் தெவிட்டியது. மழைநீர் வழிந்தோடும் முன்கண்ணாடியோ 24 டிகிரி அளவிற்குக் குளிர்ந்திருக்கும். மூச்சுக் காற்று அதன்மீது பட்டவுடன் பனிநிலைக்குக் கீழே குளிர்கிறது. மிகுதியான ஆவி நீர்த்துளிகளாகிறது.

எவ்வளவு நீர் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு முறை வெளிவிடும் மூச்சு சுமார் அரை லிட்டர். அதில் 34 டிகிரியில் 19 மில்லிகிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியில் அதே அளவு காற்றில் 11 மில்லிகிராமே தங்கும். ஆகவே ஒவ்வொரு மூச்சும் 8 மில்லிகிராம் நீரைக் கைவிடுகிறது. நிமிடத்திற்கு 15 மூச்சு எனில் 120 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு சொட்டு. இதில் ஒரு பகுதியே கண்ணாடியில் படிகிறது. ஓட்டுபவரின் பார்வையை மறைக்க அதுவே போதும்!

இவ்வளவு சிறிய அளவு நீர் எவ்வாறு பார்வையை மறைக்கிறது? நீர் ஒளிபுகும் பொருள்தானே? ஆம். அந்த இரண்டு சொட்டும் ஒரே சீரான படலமாகப் பரவினால் நமக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் முன்கண்ணாடி பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன்மீது நீர் எளிதில் பரவுவதில்லை. பரப்பு இழுவிசையால் ஆயிரக்கணக்கான நுண்துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு சிறு லென்சைப் போல ஒளியைச் சிதறடிக்கிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு அப்போது முகம் முழுதும் பரவிய வெள்ளை ஒளியாகத் தோன்றும்.

தடுக்கும் வழிகள்

முதல் வழி, மூச்சு கண்ணாடியை அடையாமல் செய்வது. மூக்குக்குக் கீழே பொருத்தும் சிறு தடுப்பு மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும். துணி முகக்கவசம் எப்போதும் உதவாது. 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் இதனை நன்கு அறிந்தனர். மூக்கின் மேற்புறம் இறுக்கமாக இல்லையெனில் மூச்சு மேல்நோக்கியே பாயும். முன்கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால் காற்றோட்டம் ஈரத்தை அகற்றும். ஆனால் வண்டி ஓடும்போதுதான் இது பயன்படும். ரயில்வே கேட்டில் நின்றால் சில நொடிகளில் மீண்டும் மங்கும்.

இரண்டாவது வழி, துளிகளைப் படலமாக்குவது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டை ஒரு கரண்டி நீரில் கலந்து, கண்ணாடியின் உட்புறம் மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் மென்மையான பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். சோப்பு பரப்பு இழுவிசையையும் தொடுகோணத்தையும் குறைக்கிறது, நீர் பரவிவிடுகிறது. ஈரத்தில் இப்பூச்சு கரைந்துபோகும். ஆகையால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். பற்பசை கண்ணாடியில் கீறலிடும். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டில் விரிசலை உண்டாக்கும். இவற்றைத் தொடவே கூடாது. தொழிற்சாலையிலேயே மூட்டத் தடுப்புப் பூச்சு இடப்பட்ட கண்ணாடிக்குச் சோப்பும் வேண்டாம். வெளிப்புறத்திற்கு இதற்கு நேர்மாறான விதி: அங்கே நீர் பரவாமல் உருண்டோட வேண்டும்.

மூன்றாவது வழி, உட்பரப்பைக் குளிராமல் காப்பது. முன்கண்ணாடியின் உட்புறம் இன்னொரு தகட்டைப் பொருத்தி, இடையே காற்றை அடைத்துவிடுவார்கள். காற்று அரிதிற் கடத்தி. ஆகவே உள்தகடு மூச்சின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். மூன்று வழிகளிலும் இதுவே நெடுநேரம் பயன் தருவது. உட்புறம் விரலால் துடைத்தும் மூட்டம் போகவில்லையெனில், இரு தகடுகளுக்கும் இடையே ஈரம் புகுந்துவிட்டது. ஓர முத்திரை பழுது என அறியலாம்.

மழைக்கோட்டு எங்கே ஒழுகுகிறது?

50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மார்பில் காற்று தரும் அழுத்தம் 1.2 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்திற்குச் சமம். இதைச் சாதாரணத் துணிக்கோட்டும் தாங்கிவிடும். ஆனால் 60 கிலோ எடையுள்ளவர் 800 சதுர சென்டிமீட்டர் இருக்கையில் அமர்ந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 75 கிராம் அழுத்தம் உண்டாகிறது. அது 75 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்! மழைக்கால்சட்டை முதலில் இருக்கைப் பகுதியில் ஒழுகுவதன் காரணம் இதுவே. விலைச்சீட்டில் காணும் 5000 மி.மீ. போன்ற எண் துணியின் தாங்குதிறனை மட்டுமே குறிக்கும். ஊசித் துளைகளை அல்ல. எனவே வாங்கும்போது உட்புறம் திருப்பி, தையல்கள்மீது நாடா ஒட்டப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். இருக்கையில் தையலே இல்லாதது இன்னும் நல்லது.

ஒழுகாத கோட்டினுள்ளும் நனைவது உண்டு. பி.வி.சி. கோட்டு வியர்வை ஆவியை வெளியே விடாது; அது குளிர்ந்த உட்புறத்தில் நீராகப் படிகிறது. ஒழுகலா, வியர்வையா என்று அறிய எளிய சோதனை உண்டு. சந்தேகத்திற்குரிய தையலைக் கிண்ணம்போலக் குழித்து, ஒரு குவளை நீர் ஊற்றி, உலர்ந்த செய்தித்தாளுக்கு மேலே பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். தாள் நனைந்தால் ஒழுகல். நனையாவிடில் பெரும்பாலும் உங்கள் வியர்வையே. ஆவியை மட்டும் வெளியேவிடும் விலையுயர்ந்த துணிகளும் உள்ளன. உள்ளும் புறமும் உள்ள ஆவியழுத்த வேறுபாடே ஆவியை வெளியே தள்ளுவதால், குளிர்நாட்டில் அவை தரும் பயனை நம் வெப்பமான ஈரக்காற்றில் எதிர்பார்க்க இயலாது. அக்குளில் காற்றுத் துளைகள் உள்ள சாதாரணக் கோட்டே பலருக்குப் போதுமானது. தொளதொளவென்று பறக்கும் போர்வை வகை மழையாடை மட்டும் வண்டியில் வேண்டாம், சக்கரத்தில் சிக்கும்.

கையும் காலும்

ஓட்டு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படியுமாறு அடுக்குவார்கள். இங்கும் அதே விதிதான். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை உயர்ந்தும் கை தாழ்ந்தும் இருப்பதால், நீர் சட்டைக்கையின் வழியே கீழிறங்கும். கையுறையின் வாயைக் கோட்டின் கைக்குள் செருகுங்கள்; வெளியே இருந்தால் கையுறை ஒரு குவளையாக நிறைந்துவிடும். அணிந்து பார்க்கையில் பிரேக் பிடியை விரல்கள் தடையின்றி உணர வேண்டும். அவ்வாறே காலணி உறையின் மேல்வாய் மழைக்கால்சட்டைக்குள் இருக்க வேண்டும். உறையின் அடிப்பாகம் வரியிட்ட ரப்பராக இருக்கட்டும். வழவழப்பான பிளாஸ்டிக் அடி, வண்டியை நிறுத்திக் காலூன்றும்போது வழுக்கிவிடும். கியர் மாற்றும் இடக்கால் உறையின் முன்நுனிதான் முதலில் தேயும்; அவ்விடம் இரட்டையாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் வீட்டில் உள்ள ஹெல்மெட்டின் உட்புறத்தில் பாதிக்கு மட்டும் சோப்புப் பூச்சு இட்டு, கொதிநீர் உள்ள பாத்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஆவியில் காட்டிப் பாருங்கள். பூசாத பாதி வெண்மையாகும். பூசிய பாதியின் வழியே எதிர்ச்சுவரில் உள்ள நாட்காட்டியின் எழுத்தைப் படிக்கலாம்.