எந்தத் தேர்ச்சி விகிதம்?

எண்ணூரில் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பில் '100 சதவீதம்' என்கிறது. ஆனால் அங்கே சில பிள்ளைகள் துணைத்தேர்வுக்குப் போகிறார்கள். எப்படி? - வாசகி, திருவொற்றியூர்

பெரும்பாலும் 'ஒரு பாடத்திலாவது தேறியவர்கள்' என்ற கணக்காக இருக்கும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேர்ச்சி என்று சொல்வது ஐந்து பாடத்திலும் தேறுவதைத்தான். ஒன்றில் 35 வரவில்லை என்றாலும் அந்த மாணவர் தேறியவர் பட்டியலில் இல்லை. உதாரணத்துக்கு 40 பேர் எழுதியதாக வையுங்கள். தமிழில் எல்லோரும் தேறினார்கள். ஆங்கிலத்தில் 2, கணிதத்தில் 6, அறிவியலில் 3, சமூக அறிவியலில் 1 பேர் தவறினார்கள். தமிழ் ஒன்றே போதும், 'ஒரு பாடத்திலாவது' கணக்கில் 100 சதவீதம் வந்துவிடும். பாடவாரி விகிதங்களின் சராசரியோ 94. அனைத்துப் பாடத் தேர்ச்சி, தவறிய 12 இடங்களும் வெவ்வேறு பிள்ளைகளுடையது என்றால் 28 பேர், அதாவது 70 சதவீதம். கணிதத்தில் தவறிய அதே ஆறு பேரே மற்றவற்றிலும் தவறியிருந்தால் 34 பேர், 85 சதவீதம். பாடவாரிப் பட்டியலை மட்டும் வைத்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான்கில் தேறிய பிள்ளையைத் தோற்றவராக எண்ணுவது நியாயமா என்று பள்ளி கேட்கலாம். நியாயமான ஆதங்கம்தான், அதற்குப் பாடவாரி விகிதத்தைத் தனியாகப் போடட்டும். துணைத்தேர்வில் விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பதால் அந்தப் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. நீங்கள் பள்ளியில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், ஐந்திலும் தேறியவர்கள் எத்தனை பேர்?