பணப்பைக்கு ஏன் வரம்பு?

சென்னையில் கல்லூரியில் பயிலும் கவிதாவின் மின்பணப்பையில் 9,200 ரூபாய் இருந்தது. மேலும் 1,500 ரூபாய் சேர்க்க முயன்றார், செயலி மறுத்துவிட்டது.

அந்த இருப்பு அவருடைய வங்கிக் கணக்கில் இல்லை. பணப்பை நிறுவனத்திடம் முன்கூட்டியே செலுத்திய பணம் அது. கைப்பேசி எண்ணோடு, பெயரையும் அடையாள எண்ணையும் தாமே பதிந்து கவிதா அதைத் திறந்திருந்தார். ஆவணங்களை எவரும் சரிபார்க்கவில்லை. இத்தகைய பணப்பையில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்க இந்திய ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பொருள் வாங்கலாம், பிறருக்குப் பணம் அனுப்ப முடியாது. பொய்ப்பெயரில் பணப்பை திறந்து, திருடிய பணத்தைக் கைமாற்ற நினைப்பவருக்கு இதனால் வழி குறுகுகிறது. அடையாளத்தை முழுமையாகச் சரிபார்த்தால் வரம்பு 2,00,000 ரூபாயாகும்.

வங்கிக் கணக்கோடு இணைந்த யுபிஐ செயலியிலோ நிரப்புவதற்குப் பணப்பையே இல்லை. பணம் கணக்கிலிருந்து நேரே செல்கிறது. கணக்குக்கு உரியவர் யார் என்பதை வங்கி முன்பே சரிபார்த்திருக்கும்.