மேல் அடுக்குக்கு ஒன்றரை மணி, கீழ் அடுக்குக்கு முக்கால் மணி

வட்டக்கானல் சரிவில் புதிதாக நிலம் எடுத்து, ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சொட்டு நீரில் பீன்ஸ் போட வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை போனபின் தை பிறந்ததிலிருந்து கோடை மழை வரும்வரை ஊற்று நாளுக்கு நாள் இளைக்கும். அந்த மாதங்களுக்கான கணக்கு இது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆகவே 10 சென்ட் நிலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 400 லிட்டர். இந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மீதிக் கணக்கெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கும்.

2. பயிர் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கும் என்று பார்க்க வேண்டும். இந்த உயரத்தில், வெயில் அடிக்கும் பங்குனி நாளில், மண்ணும் இலையுமாக ஆவியாக விடுவது சுமார் 3.5 மில்லிமீட்டர். வத்தலக்குண்டுப் பக்கம் அதே மாதத்தில் 5, 6 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். சமவெளிக்காரர் எழுதிவைத்த நேர அட்டவணையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் வேர் அழுகுவது அதனால்தான். இந்த 3.5-ஐப் பயிரின் பருவத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். பீன்ஸ் முளைத்து இலை விரியும்வரை பாதி போதும். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது 1.05-ஆல் பெருக்குங்கள், 3.7 வரும். காய்ப்பு ஓயும் காலத்தில் 0.9 சரியாக இருக்கும். பூக்கும் பருவத்தில் மட்டும் குறை வைக்காதீர்கள், பூ உதிர்ந்தால் பிறகு எவ்வளவு விட்டாலும் அது திரும்பாது.

3. இனி நிலம் முழுவதையும் மறந்து, ஒரே ஒரு டிரிப்பரைப் பாருங்கள். லேட்டரல் குழாய்களுக்கு நடுவே ஒரு மீட்டர், டிரிப்பருக்கு டிரிப்பர் 40 சென்டிமீட்டர் என்றால், ஒரு டிரிப்பரின் பங்கு 0.4 சதுர மீட்டர். அதற்கு 3.7 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1.5 லிட்டர். வழியில் வீணாவதற்கு இடம் விட்டு 0.9-ஆல் வகுத்தால் 1.65 லிட்டர். ஒவ்வொரு டிரிப்பரும் நாளுக்கு இவ்வளவு சொட்ட வேண்டும். 10 சென்டில் ஆயிரம் டிரிப்பர் இருக்கும், ஆக மொத்தம் 1,650 லிட்டர். உங்கள் ஊற்று இரவும் பகலுமாக அவ்வளவு தருகிறதா என்று விதை வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். தராவிட்டால் பரப்பைக் குறையுங்கள். எல்லாச் செடிக்கும் அரைகுறையாக விடுவதைவிட ஆறு சென்டுக்கு முழுதாக விடுவது மேல்.

4. சமவெளிப் புத்தகங்கள் சொல்லாமல் விடுவது இதுதான், இங்கே சற்று நின்று படியுங்கள். டிரிப்பர் மேல் இரண்டு லிட்டர் என்று போட்டிருந்தால், அழுத்தம் ஒரு கிலோ இருக்கும்போது மணிக்கு இரண்டு லிட்டர் என்று அர்த்தம். அந்த ஒரு கிலோ என்பது தொட்டித் தண்ணீரிலிருந்து 10 மீட்டர் இறக்கம். மோட்டார் இல்லாத நம் நிலத்தில் அழுத்தம் தருவது இறக்கம் மட்டும்தான், அது அடுக்குக்கு அடுக்கு மாறும். சாதாரண டிரிப்பரில் இறக்கம் நான்கு மடங்கானால் சொட்டு இரண்டு மடங்காகும். தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் மேல் அடுக்கில் மணிக்கு 1.1 லிட்டர்தான் சொட்டும். 7 மீட்டர் கீழே இருக்கும் நடு அடுக்கில் 1.65 லிட்டர். 12 மீட்டர் கீழே 2.2 லிட்டர். மூன்றையும் ஒரே வால்வில் திறந்து ஒரு மணி நேரம் விட்டால் மேலே செடி வாடும், கீழே மண் சேறாகும்.

தேவையான 1.65 லிட்டரை அந்தந்த அடுக்கின் அளவால் வகுத்துப் பாருங்கள். மேல் அடுக்குக்கு ஒன்றரை மணி, நடு அடுக்குக்கு ஒரு மணி, கீழ் அடுக்குக்கு முக்கால் மணி. ஆகவே அடுக்குக்கு ஒரு வால்வு கட்டாயம் வேண்டும். லேட்டரலைச் சரிவின் குறுக்கே, அடுக்கின் மட்டத்தோடு ஓட்டுங்கள். மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒரே குழாயின் தலைக்கும் வாலுக்கும் இதே பேதம் வந்துவிடும், அதை எந்த வால்வாலும் சரிசெய்ய முடியாது.

எல்லா இடத்திலும் ஒரே அளவு சொட்டும் அழுத்தச் சமன் டிரிப்பர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்டு, நல்ல பொருள்தான். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய ஐந்து முதல் பத்து மீட்டர் இறக்கமாவது வேண்டும். தொட்டியை ஒட்டிய அடுக்கில் அது உதவாது. தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீருக்கு நூறு சதவீத மானியம் தருகிறது. தோட்டக்கலைத் துறையினர் வரைபடம் போடும்போதே அடுக்குகளின் இறக்கத்தை அளந்து காட்டி, எங்கே எந்த டிரிப்பர் என்று பேசிவிடுங்கள்.

5. நான் மேலே சொன்ன லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் குழாயின் உராய்வு எனக்குத் தெரியாது. அடுக்குக்கு மூன்று டிரிப்பரின் அடியில் டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். ஆறு நிமிடம் ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. 110 மில்லி விழுந்தால் மணிக்கு 1.1 லிட்டர். மாதம் ஒருமுறை இதைச் செய்து சுவரில் எழுதிவையுங்கள். எண் இறங்கினால் அடைப்பு. ஓடைத் தண்ணீரில் இலைத் தூளும் பாசியும் வரும், ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் முனையைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓட விடுங்கள். திடீரென ஒரு வரிசை முழுக்க இறங்கினால் அடைப்பாக இராது. காட்டுமாடு மிதித்திருக்கும், அல்லது குரங்கு கடித்திருக்கும்.

6. மேல் அடுக்கை முதலில் பாய்ச்சுங்கள், தொட்டி நிறைந்திருக்கும்போதே. தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் 3 மீட்டர் இறக்கம் 2 ஆகிவிடும், சொட்டு ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறையும். கீழ் அடுக்குக்கு அதே ஒரு மீட்டர் பொருட்டே அல்ல.

7. ஒன்றுவிட்டு ஒரு நாள் பாய்ச்சினால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். நம் மண் மட்கு நிறைந்தது, இரண்டு நாள் தாங்கும். ஆனால் கையால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பாய்ச்சும் முன் ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டை நின்று, கையில் ஈரம் ஒட்டாவிட்டால் சரியான நேரம். உதிர்ந்தால் தாமதம். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அதிகமாக விடுகிறோமா என்பதற்கு இன்னொரு சாட்சி கீழ் அடுக்கின் கல்கட்டு. மழையே இல்லாத நாளில் அதன் முகம் நனைந்திருந்தால், உங்கள் தண்ணீரும் அதோடு போட்ட உரமும் பாம்பாறு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

8. நாள் முழுக்க மூடுபனி நின்றால் பாதி நேரம் போதும்.

9. கோடை மழைக்கு நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மழை பெய்ததாகவே எண்ண வேண்டாம், இலையும் மேல்மண்ணும் குடித்துவிடும். 12 மில்லிமீட்டர் பெய்தால் ஐந்தில் ஒரு பங்கு சரிவில் ஓடியது போக, 10-க்குச் சற்றுக் குறைவாக வேருக்குச் சேரும். நாளுக்கு 3.7 என்று வகுத்தால் இரண்டரை நாள். வால்வை இரண்டு நாள் மூடிவைத்து, மூன்றாம் நாள் காலை மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள்.