பணியிடைப் பயிற்சிக்குப் பின்னூட்டப் படிவமும் தொகுப்பறிக்கையும்: பயனுள்ள 8 குறிப்புகள்

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. அதன்பின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி நடக்கிறது. மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வரும் ஆசிரியர்களும் மாலையில் ஒரு படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழே 'மிக நன்று' என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். அந்தப் படிவத்தால் அடுத்த பயிற்சியில் எதுவும் மாறுவதில்லை. மாற வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். கணக்கு புரிவதற்காக ஒரு நாள் பயிற்சியையே எல்லாக் குறிப்புகளுக்கும் எடுத்துக்கொள்வோம். பங்கேற்பவர்கள் 32 பேர். பொருள்: அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று குழுக்களையும் ஒரே வகுப்பறையில் நடத்துவது.

1. படிவத்தைப் பயிற்சிக்கு முன்பே எழுதுங்கள்.
பயிற்சி முடிந்து பள்ளிக்குப் போகும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைகளை நிலை பார்த்துப் பிரிப்பார். மூன்று குழுவுக்கும் ஒரே பாடவேளையில் வேலை கொடுப்பார். அரும்பு நிலைக் குழந்தைக்குத் தானே ஒரு செயல்பாடு தயாரிப்பார். இந்த மூன்றும்தான் படிவத்தின் கேள்விகள். எழுதியதும் அன்றைய கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செயல்பாடு தயாரிக்க அட்டவணையில் அரை மணி நேரம்கூட இல்லையென்றால், குறை காலையிலேயே தெரிந்துவிடும்.

2. ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்.
'கருத்தாளரின் விளக்கமும் துணைக்கருவிகளும் பயனுள்ளதாக இருந்தனவா?' என்று கேட்டால், விளக்கம் பிடித்து, கருவி பிடிக்காதவர் எதில் டிக் போடுவார்? இரண்டையும் பிரித்துவிடுங்கள். 'நன்று, மிக நன்று' என்ற பட்டியலையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, 'மூன்று குழுக்களையும் ஒரே பாடவேளையில் நடத்துவது' என்று எழுதி, அதன் கீழே நான்கு விடைகள் கொடுங்கள்: தனியாகச் செய்வேன், கையேட்டைப் பார்த்துச் செய்வேன், யாராவது உடன் இருந்தால் செய்வேன், இன்னும் புரியவில்லை. இப்படிக் கேட்டால் யாரையும் பாராட்டவோ குறை சொல்லவோ தேவையில்லை. ஆசிரியர் தன் நிலையை மட்டும் சொல்கிறார்.

3. 'முன்பு', 'இப்போது' இரண்டையும் மாலையிலேயே கேளுங்கள்.
காலையில் ஒரு படிவம், மாலையில் ஒரு படிவம் கொடுப்பது வழக்கம். அதில் ஒரு சிக்கல் உண்டு. குழு பிரிப்பது எளிது என்று நினைத்துக் காலையில் 'தனியாகச் செய்வேன்' என்று போட்டவர், அதன் நுணுக்கம் தெரிந்தபின் மாலையிலும் அதையே போடுவார், அல்லது ஒரு படி இறங்குவார். கற்றுக்கொண்டவர் கற்காதவர்போலத் தெரிவார். ஒரே தாளில் இரண்டு கட்டம் போட்டு, 'பயிற்சிக்கு முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்' என்று கேட்டால் இரண்டையும் ஒரே அளவுகோலில் அளப்பார். ஆனாலும் இது அவரே தன்னைப் பற்றிச் சொல்வதுதான். அதனால் ஒரு சிறு வேலையும் கொடுங்கள். ஐந்து குழந்தைகளின் கையெழுத்துத் தாள் நகலைக் கொடுத்து, யார் எந்தக் குழு என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

4. பெயரும் பள்ளியும் வேண்டாம். வகுப்பின் நிலைமை வேண்டும்.
பள்ளிப் பெயர் எழுதச் சொன்னாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். 'ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் நான் ஒருவரே பார்க்கிறேன்: ஆம் / இல்லை' என்ற ஒரு வரி போதும். படிவத்தைக் கருத்தாளர் கையில் வாங்க வேண்டாம். ஓர் அட்டைப் பெட்டியில் மடித்துப் போடச் சொல்லுங்கள். கடைசி அமர்வு தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி நிரப்பச் செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகு கொடுத்தால் பாதிப் படிவம் காலியாகத்தான் வரும்.

5. எழுதிச் சொல்ல இரண்டு கேள்விகள் போதும்.
'நாளை வகுப்பில் முதலில் எதைச் செய்வீர்கள்?' 'அதற்கு எது தடையாக இருக்கும்?' முதல் கேள்விக்கு ஒருவர், 'புதிய முறையில் மகிழ்ச்சியாகக் கற்பிப்பேன்' என்று எழுதுவார். இன்னொருவர், 'மலர் குழுவுக்குப் பயிற்சி நூலில் வேலை கொடுத்துவிட்டு, அரும்புக் குழந்தைகளோடு எழுத்து அட்டையை வைத்துக்கொண்டு தரையில் உட்காருவேன்' என்று எழுதுவார். இரண்டாமவருக்குப் பயிற்சி போய்ச் சேர்ந்திருக்கிறது. முதல் வகை விடை பாதிக்கு மேல் இருந்தால், அன்று பேச்சு அதிகமாகவும் செய்து பார்த்தது குறைவாகவும் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

6. சராசரி போடாதீர்கள், தலை எண்ணுங்கள்.
நம் 32 பேரில் 14 பேர் தனியாகச் செய்வார்கள், 5 பேர் கையேட்டைப் பார்த்து, 9 பேர் யாராவது உடன் இருந்தால், 4 பேருக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். நான்கு விடைக்கும் 4, 3, 2, 1 என்று மதிப்பெண் போட்டால் சராசரி 2.9 வரும். 'பரவாயில்லை' என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால் தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் 13 பேர் இருக்கிறார்கள். குறிப்பு 4-இல் கேட்ட வரியை வைத்து அந்தத் தாள்களைப் பிரித்தால், 13 பேரில் 11 பேர் மூன்று வகுப்பையும் ஒருவரே பார்ப்பவர்கள் என்று வரலாம். மொத்தப் பங்கேற்பாளர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் 12 பேர்தான் என்றால், பயிற்சி மற்றவர்களுக்குப் பொருந்தியிருக்கிறது, இவர்களுக்குப் பொருந்தவில்லை. சராசரி இதைச் சொல்லவே சொல்லாது.

7. தொகுப்பறிக்கை இரண்டு பக்கம். முதல் பத்தியில் முடிவு.
குத்துவிளக்கு, வரவேற்புரை, நன்றியுரை எல்லாவற்றையும் கடைசி வரிக்குத் தள்ளுங்கள். இப்படித் தொடங்கலாம்: 'பங்கேற்ற 32 பேரும் படிவம் தந்தனர். 19 பேர் மூன்று குழுக்களையும் நடத்தத் தயார். மூன்று வகுப்பையும் ஒருவரே பார்க்கும் 12 பேரில் 11 பேர் தயாரில்லை. அவர்களுக்கு மட்டும் அரை நாள் செய்முறை அமர்வு தேவை. பொறுப்பு: வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குள் நடத்த வேண்டும்.' அடுத்து, கேள்விவாரியாகத் தலை எண்ணிக்கை. அதன்பின், தடையாக எழுதியவற்றை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரின் வாக்கியத்தை அப்படியே கொடுங்கள். யாராவது படிவம் தரவில்லையென்றால் அந்த எண்ணிக்கையையும் மறைக்காமல் எழுதுங்கள்.

8. மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.
டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959-இல் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா. மாலையில் வாங்கும் படிவம் முதல் இரண்டு படிகளைத்தான் தொடும். மூன்றாவது படிக்கு, குறுவள மையக் கூட்டத்தில் ஒரு துண்டுச் சீட்டு போதும்: 'போன வாரம் எத்தனை நாள் மூன்று குழுவாக வகுப்பு நடத்தினீர்கள்? நடத்தாத நாளில் ஏன்?' இந்த விடைகளை அறிக்கையோடு ஒரு தாளாக இணைத்துவிடுங்கள். அடுத்த பருவப் பயிற்சிக்கு அட்டவணை போடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான்.